கடைசிப் பையில் போட்டது

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும். வாய் நீளம் இல்லாதவள் பொட்டலம் விற்க முடியாது. காலை ஐந்தரைக்கு மைதான வாசலில் மடக்கு மேசையை விரித்துப் போட்டால் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள், பார்சல் கொடுக்கப் புறப்படுகிறவர்கள் என்று அத்தனை பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்னம்மா, இத்தனூண்டு பொட்டலத்துக்கு இவ்வளவு விலையா?" என்பார் ஒருவர்.

"அண்ணே, பளபளா காகிதத்துல சுத்தின எனர்ஜி பார் ஒண்ணு வாங்கித் தின்னீங்களே நேத்து, அந்தக் காசுக்கு என்கிட்ட மூணு பொட்டலம் வரும். அதுல பாதி பாகு. என்னோடதுல கடிச்சா கடலை, மெல்லுனாலும் கடலை."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கிப் போவார்.

ஒரு பொட்டலம் நாற்பது கிராம். இருபது பொட்டுக்கடலை, பத்து வறுத்த வேர்க்கடலை, பத்து உலர் திராட்சை. திராட்சையைத் தனியாகச் சின்ன மடிப்பில் வைத்து உள்ளே போடுவேன். ஒன்றாகக் கொட்டிவிட்டால் அதன் ஈரம் ஏறி மதியத்துக்குள் பொட்டுக்கடலை சவசவ என்று போய்விடும். உப்பு வேர்க்கடலைக்கு மட்டும். வியர்வை கொட்டுகிற உடம்பு கொஞ்சம் உப்பு கேட்கும். கால்சட்டைப் பையில் அடங்க வேண்டும், ஒற்றைக் கையால் பிரிக்க வர வேண்டும், வெயிலில் உருகக் கூடாது. இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. என் வீட்டுக்காரர் ஆறு வருடம் பார்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்து, தின்று தின்று சொன்னது.

பேரீச்சையும் திராட்சையும் அத்தியும் மட்டும் போட்ட பழப் பொட்டலமும் உண்டு. அது காசு உள்ளவர்களுக்கு. எனக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. ஒரு கைப்பிடி பேரீச்சை வாங்குகிற காசுக்கு மூன்று கைப்பிடி பொட்டுக்கடலை வரும். பொட்டுக்கடலை வயிற்றில் நிற்கும், சதைக்குச் சத்து, சாப்பிட்டவனுக்கு இரண்டு மணி நேரம் பசி தெரியாது. பேரீச்சை என்ன செய்யும்? நாக்குக்கு இனிக்கும், அவ்வளவுதான். இப்படித்தான் நான் எல்லாரிடமும் பேசுவேன். பேசிப் பேசி நானே அதை நம்பியும் இருந்தேன். என் வாயே எனக்கு எமனாக வந்தது.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் அவரைக் காத்து என்று கூப்பிடுவார்கள். அப்படி மிதிப்பார். ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார் போலத்தான் இருக்கும், மேட்டில் ஏறும்போது பார்க்க வேண்டும். பஞ்சர் கடை அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர், முட்டி போய் உட்கார்ந்துவிட்டார். "உன் புருஷன் பார்சல் குடுக்கப் பொறந்தவன் இல்லம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான்கு வருடம் ஒரு நாள் விடாமல் விடியற்காலையில் இவரை மேட்டுப் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனார். பைசா வாங்கியதில்லை.

ஒரு பெரிய கம்பெனி தன் சைக்கிள் அணிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தது. நூற்றிருபது கிலோமீட்டர் பந்தயம். முதல் மூன்று பேருக்கு அணியில் இடம், கூடவே நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இரண்டு அறை வீடு. வயது முப்பதைத் தாண்டக் கூடாது. இவருக்கு முப்பது முடிய ஐந்து வாரம் பாக்கி. அடுத்த பந்தயம் அடுத்த வருடம். அதாவது இவருக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் இவர் சமையலறைத் தரையில் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் வேர்க்கடலையைத் தேய்த்துத் தோல் ஊதிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு பொட்டலம்." சந்தோஷமாக இருந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "நாப்பதாவது கிலோமீட்டர்ல எப்பவும் போடற பொட்டலம் ரெண்டு குடு. அப்ப ஓட்டம் நிதானமா இருக்கும், மென்னுக்கலாம். எண்பதுல குடுக்கற பையில கடலையே வேணாம். பேரீச்சை பத்து, கொட்டை எடுத்து ரெண்டா கிள்ளிப் போடு. கூட ரெண்டு கை திராட்சை. அது போதும்."

"வெறும் இனிப்பா? அது எத்தனை நேரம் தாங்கும்?"

"அப்ப தாங்கறது வேணாம்டி. சட்டுனு ரத்தத்துல ஏறணும். கடைசி மேட்டுல மூச்சு வாங்கும்போது கடலை உள்ளயே போகாது, மாவா வாயில அடைச்சுக்கும். வேர்க்கடலை எண்ணெய் வேற, வயித்துல போய்க் குந்திக்கும். கரைஞ்சு வர்றதுக்குள்ள பந்தயம் முடிஞ்சுடும்."

"இனிப்புத் தண்ணியைப் பாட்டில்ல கலந்துக்கறது?"

"எனக்குத்தான் அது கொமட்டுமே. தெரியாதா உனக்கு?"

தெரியும். எல்லாம் தெரியும். சரி என்று தலையாட்டினேன். மறுநாளே நல்ல சதைப்பிடிப்பான பேரீச்சையும் கறுப்புத் திராட்சையும் வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு மேல் தட்டில் தனியாக வைத்தேன். அதுவரை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை வாத்தியாரம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மைதானத்தில் நடக்கிறவர்கள் சங்கத்துக்குத் தலைவி. அவர்கள் மறுநாள் கூட்டமாக ஏதோ ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறார்களாம். முப்பது பழப் பொட்டலம் வேண்டுமாம், விடிவதற்குள்.

"உன்னால முடியாதுன்னா சொல்லிடும்மா, நான் பெரிய கடையில சொல்லிக்கறேன்" என்றார்.

அந்தச் சங்கத்தில் இரண்டு வருடமாக நுழையப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று என் வாயில் வருமா? "என்னங்கம்மா இப்படிக் கேட்டுட்டீங்க, ஆறு மணிக்கு ரெடியா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். இருபத்திரண்டு பொட்டலத்துக்குத்தான் பழம் இருந்தது. சரக்கு எடுக்கிற மொத்தக் கடைக்கு அன்று வார விடுமுறை.

மூலைக்கடைக்குப் போனேன். அங்கே இருந்தது. பேரீச்சையும் இருந்தது, திராட்சையும் இருந்தது. மொத்தக் கடை விலையைப் போல ஒன்றரை மடங்கு சொன்னான்.

"என்னய்யா, இது பேரீச்சையா, தங்கக் கட்டியா?"

"வேணும்னா எடுங்க, வேணாம்னா விடுங்கக்கா."

விட்டேன். எட்டுப் பொட்டலத்துக்கு அந்த விலையில் பழம் வாங்கினால் முப்பது போட்டும் எனக்குக் கூலி நிற்காது. இந்த விலைக்கு வாங்க எனக்கென்ன பைத்தியமா என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து மேல் தட்டு டப்பாவை எடுத்தேன்.

யாரும் என் கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை. கஷ்டம், கடன், பிள்ளைக்கு ஜுரம் என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் கிடையாது. எங்களுக்குப் பிள்ளையே இல்லை. விலை அதிகம் என்று தோன்றியது, எடுத்தேன். தினம் எழுபது கிலோமீட்டர் கடலையைத் தின்றுதானே மிதிக்கிறார், நாளைக்கு மட்டும் என்ன மகாராஜாவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எண்பதாவது கிலோமீட்டர் பையில் அறுபது கிராம் பொட்டுக்கடலையும் நாற்பது கிராம் வேர்க்கடலையும் போட்டேன். குறைவாகக் கொடுத்தேன் என்று ஆகிவிடக் கூடாதாம், தாராளமாகப் போட்டேன்! டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த திராட்சையைச் சுரண்டி ஒரு கரண்டி அளவு மேலே தூவினேன். அவர் நேரத்தோடு தூங்கிப் போயிருந்தார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. ஊரெல்லாம் அளக்கிற வாய், அன்றைக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

பஞ்சர் கடை அண்ணனின் ஸ்கூட்டரில் பந்தயப் பாதைக்குப் போனோம். சாப்பாடு கொடுக்கிற இடம் என்று சாலையோரம் கயிறு கட்டியிருந்தார்கள். நாற்பதிலும் எண்பதிலும் பாதை சுற்றி அதே இடத்துக்குத்தான் வரும். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்த ஓட்டக்காரருக்கும் கொடுக்கலாம். அக்கா, அம்மா, மனைவி என்று நாற்பது ஐம்பது பேர் துணிப் பைகளோடு நின்றார்கள். பாதிப்பேர் என்னிடம் பொட்டலம் வாங்குகிறவர்கள். "அட, பொட்டலக்கார அக்கா! உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ஸ்பெஷல்தான் போங்க" என்றார்கள். நான் பல்லைக் காட்டினேன்.

நாற்பதாவது கிலோமீட்டரில் எல்லாரும் கூட்டமாக வந்தார்கள். இவர் பையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்குக் கண்ணடித்துவிட்டுப் போனார். எண்பதில் ஐந்தே பேர்தான் முன்னால் வந்தார்கள், இவர் இரண்டாவது. பஞ்சர் கடை அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். நான் கையை நீட்டினேன், பை போனது. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நின்றேன்.

அந்தச் சாலை ஐந்து கிலோமீட்டர் போய் வளைந்து அதே வழியில் திரும்புகிறது. அதனால் தொண்ணூறாவது கிலோமீட்டரில் மறுபடி எங்கள் முன்னால்தான் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசி மேடு.

வந்தார்கள். அதே ஐந்து பேர். இவர் ஐந்தாவது. உதட்டைச் சுற்றி வெள்ளையாக மாவு அப்பியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. பாட்டில் இரண்டும் காலி. பொட்டுக்கடலையை விழுங்கவே இருந்த தண்ணீரை எல்லாம் தீர்த்திருக்கிறார்.

என் பக்கத்தில் ஓர் அக்கா நின்றிருந்தாள். அவள் தம்பிக்கு அறுபதாவது கிலோமீட்டரிலேயே செயின் அறுந்து பந்தயத்தை விட்டாயிற்று. அவனுக்கு வைத்திருந்த பை அவள் கையில் அப்படியே இருந்தது. இவர் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று கயிற்றோரம் ஓடிப் பையை நீட்டினாள்.

"அண்ணே, புடிங்க! பேரீச்சை, திராட்சைதான், புடிங்க!"

கைக்கு எட்டுகிற தூரம். இவர் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். பக்கத்து ஆள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது சிரிக்க வேறு பார்த்தார்.

"என்ன இவன், குடுக்கறதை வாங்காமப் போறான்! பைத்தியக்காரா!" என்று பஞ்சர் கடை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப நிம்மதி. வேண்டாம் என்கிறார் என்றால் தெம்பாக இருக்கிறார் போல என்று நினைத்தேன்.

கடைசி மேட்டை நான் பார்க்கவில்லை; எல்லாரும் குறுக்கு வழியில் முடிவுக் கோட்டுக்குப் போயிருந்தோம். பார்த்தவர்கள் சொன்னார்கள். பாதி ஏறியதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டாராம். மிதிக்கப் பார்க்கிறார், கால் சுற்றவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போயிருக்கிறார்கள். முடிவுக் கோட்டுக்குப் பதினோராவதாக வந்தார். கோட்டைத் தாண்டியதும் இறங்கத் தெரியாமல் சைக்கிளோடு சாய்ந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் அவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள். குமட்டினாலும் குடித்தார்.

பஞ்சர் கடை அண்ணன் அவர் கழுத்தில் கிடந்த பையைக் கழற்றினார். கனமாக இருந்ததோ என்னவோ, உள்ளே கைவிட்டார். பொட்டுக்கடலை கைநிறைய வந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது? பேரீச்சை எங்க?"

நான் சுற்றிலும் பார்த்தேன். நாற்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். அந்த அக்காவும் நிற்கிறாள்.

தரையில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "நான்தாண்ணே கடலை போதும்னு சொன்னேன். அவளைக் கேக்காதீங்க."

"நீயா சொன்ன? நாலு வருஷமா நான் கத்துக்குடுத்ததுக்கு நீயா சொன்ன?"

"ஆமாண்ணே. தப்புப் பண்ணிட்டேன்."

அண்ணன் கையில் இருந்ததைக் கீழே கொட்டினார். அவரைத் திட்டவில்லை. திரும்பிப் போய் ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான்கு வருடத்தில் அவர் கண்ணில் தண்ணீரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆயிற்று. இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே பார்சல் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், "குழம்பு நல்லாயிருக்கு" என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, காலில் விழுந்து எப்படியாவது கரை சேர்ந்திருப்பேன். எனக்குச் சண்டை தெரியும். இது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் இவருக்கு லீவு, மத்தியானம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கு மூலைக்கடையில கிடைச்சுது. விலை ஜாஸ்தின்னு வாங்கல. உங்களுக்கு வெச்சிருந்ததை எடுத்து வாத்தியாரம்மாவுக்குப் போட்டுட்டேன்." ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"காலையில பையைத் தூக்கும்போதே தெரிஞ்சுது. கலகலன்னு சத்தம் கேட்டுது. பேரீச்சை அப்படிச் சத்தம் போடாதே."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன ஆகும்? அந்நேரத்துக்குக் கடை எல்லாம் மூடிக் கெடந்துது. உனக்கு அழுகை வரும். கடலையை வெச்சே எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு பார்த்தேன். சமாளிக்க முடியல."

"சரி, அந்த அக்கா நீட்டினாளே! பேரீச்சையைத்தானே நீட்டினா! அதையாவது வாங்கியிருக்கலாமே! அது ஒண்ணு போதுமே உங்களுக்கு!" நான் கத்தினேன். அவர் மேல் கத்த எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, ஆனாலும் கத்தினேன்.

இவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "அங்க நின்னவங்க பாதிப்பேர் உன்கிட்ட வாங்கறவங்க. நீ குடுத்ததை வெச்சுக்கிட்டு நான் இன்னொருத்தி கையிலேருந்து வாங்கினா, நாளைக்கு உன் மேசைகிட்ட எவன் வருவான்? சொந்தப் புருஷனே தின்னாத பொட்டலம்னு ஆயிடும். எப்படியும் நான் மூணாவதா வருவேனோ மாட்டேனோ. உன் கடை நிச்சயமா இருக்குல்ல. அதான் வாங்கல."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா. பால் வாங்கவில்லை என்கிற மாதிரி சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில், கால் சோர்ந்து, கண் இருட்டி, வாயில் மாவு அடைத்திருக்கும்போது, நான்கு வருட மேட்டையும் மாதச் சம்பளத்தையும் இரண்டு அறை வீட்டையும் என் மடக்கு மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என் மேசையை எடுத்திருக்கிறார். நானோ எட்டுப் பொட்டலத்துக்கு அவரை விட்டேன்.

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தெருவுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். இவர் சட்டையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முதுகைத் தடவினார். "விடு, அழாத. ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் இந்த வேலை பழகிப்போச்சே" என்று ஏதேதோ சொன்னார்.

"நாளைக்கு அண்ணன்கிட்ட போய் நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம். அவருக்கு உன் மேல பாசம் ஜாஸ்தி. என் மேல கோவிச்சா ஒரு மாசத்துல சரியாயிடும். உன் மேலன்னா தாங்க மாட்டாரு."

அதைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் குரல் உடைந்துவிட்டது. முதுகில் இருந்த கை நின்றது. "நெஜமாவே ஜெயிச்சிருப்பேண்டி" என்றார். "அந்த மேடு எனக்கு ஒண்ணுமே இல்ல. கண்ணை மூடிட்டு ஏறுவேன் நான்."

அதற்குப் பிறகு அவர் அழுததை நான் எப்படிச் சொல்வது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சு திணறத் திணற அழுதார். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.